இது எந்த மாதத்து பில்?

அரங்கில் நிறைந்திருக்கும் ஏலக்காய் வியாபாரிகளே, மலைமேல் தோட்டமும் கீழே போடியில் வீடுமாக வாழும் தோட்டக்காரர்களே, கடைகளில் பில் எழுதிக் கணக்கு வைக்கும் தம்பி தங்கையரே, என்னோடு இதே தொழில் செய்யும் ஆடிட்டர் நண்பர்களே!

இன்று நான் பேச வந்திருப்பது ஒரு கடிதத்தைப் பற்றி. சிறு வியாபாரி ஒருவர் தன் ஆடிட்டருக்கு எழுதும் கடிதம். ஸ்கேன் செய்த பில்களை மாதவாரியாக ஃபோல்டர் போட்டு அடுக்கிக் கொடுங்கள் என்று கேட்கும் கடிதம். இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருக்கிறது. போடியிலே, ஏலக்காய் வியாபாரத்திலே, நிறையவே இருக்கிறது.

அந்தக் கடிதம் வழக்கமாக எப்படி வரும் தெரியுமா? இப்படித்தான் வரும்: “ஆடிட்டர் சார், வணக்கம். இந்த வருடத்து பில் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி பென் டிரைவில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாதம் மாதமாகப் பிரித்து ஃபோல்டர் போட்டு வைத்துவிடுங்கள். கொஞ்சம் அவசரம்.” அவ்வளவுதான் கடிதம். மரியாதைக்குக் குறைவில்லை, பில்லும் வந்துவிட்டது. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த பென் டிரைவைத் திறக்கிற பையனுக்கு முதல் பில்லிலேயே ஒரு கேள்வி வருகிறது. இது எந்த மாதத்து பில்?

பில்லில் தேதி இருக்கிறதே, பார்த்துப் போட வேண்டியதுதானே என்பீர்கள். நல்லது. ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்காக நானே எழுதிக்கொண்ட கணக்கு இது. யாருடைய கணக்கும் அல்ல. போடி ஏலத்தில் ஒரு வியாபாரி ஒரு லாட் எடுக்கிறார். 100 கிலோ, கிலோ 2,200 ரூபாய். காயின் விலை 2,20,000. அதன்மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி 11,000. மொத்தம் 2,31,000 ரூபாய். ஏல நிறுவனம் பில் போட்ட தேதி 2024 செப்டம்பர் 30. மூட்டை கடைக்கு வந்து இறங்கியது அக்டோபர் 3. கடைப் பையன் செல்போனில் பில்லைப் படம் பிடித்தது அக்டோபர் 9. பணம் பட்டுவாடா ஆனது அக்டோபர் 15. இப்போது சொல்லுங்கள், ஒரே லாட்டுக்கு எத்தனை தேதி? பில் செப்டம்பரில், காய் அக்டோபரில், படம் அக்டோபரில், பணமும் அக்டோபரில். இது செப்டம்பர் ஃபோல்டருக்கா, அக்டோபர் ஃபோல்டருக்கா?

கேள்வி இதோடு நிற்கவில்லை. அந்த ஏல நிறுவனம் தன் செப்டம்பர் விற்பனைக் கணக்கை, அதாவது GSTR-1 படிவத்தை, அக்டோபர் 11-க்குள் தாக்கல் செய்துவிட்டால், 14-ஆம் தேதி உங்களுக்கு வரும் செப்டம்பர் மாத GSTR-2B பட்டியலில் இந்த பில் இருக்கும். நிறுவனம் தாமதித்து 18-ஆம் தேதி தாக்கல் செய்தால்? செப்டம்பர் பட்டியலில் இருக்காது. அடுத்த மாத 2B-யில்தான், நவம்பர் 14 அன்றுதான், கண்ணில் படும். ஆக, நீங்கள் ஒரு வேலையும் செய்யாமலே இன்னொருவர் தாமதத்தால் உங்கள் பில்லுக்கு இன்னொரு மாதம் ஒட்டிக்கொள்கிறது.

இதிலே பெரும்பாலோர் தடுமாறுவது எங்கே என்றால், ஒரு ஃபோல்டர் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பில் எப்போது போடப்பட்டது என்பது ஒரு கேள்வி. அந்த பில்லின் வரியை எந்த மாதக் கணக்கில் வரவு வைப்பது என்பது வேறு கேள்வி. பில் கையில் இருந்தால் மட்டும் வரி வரவு கிடைத்துவிடாது. பொருளும் கைக்கு வந்திருக்க வேண்டும், விற்றவர் காட்டி 2B-யிலும் ஏறியிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் காய் வந்தது அக்டோபர் 3. ஆகவே பில் செப்டம்பரில் போட்டதாக இருந்தாலும், செப்டம்பர் 2B-யிலேயே ஏறியிருந்தாலும், அந்த 11,000 ரூபாயை முறைப்படி எடுத்துக்கொள்ள வேண்டியது அக்டோபர் கணக்கில். முதல் கேள்விக்கு விடை செப்டம்பர், இரண்டாவதற்கு விடை அக்டோபர். இரண்டும் சரி. இரண்டையும் ஒரே ஃபோல்டருக்குள் திணிக்கப் பார்த்தால்தான் தப்பு.

அப்படியானால் என்ன செய்வது? ஃபோல்டர் பில் தேதியை மட்டும் பார்க்கட்டும். பில்லில் அச்சாகியிருக்கும் தேதி ஒன்றுதான் யாராலும் மாற்ற முடியாதது. காய் வந்த தேதிக்கும் பணம் கொடுத்த தேதிக்கும் ஆளுக்கு ஒரு நினைவு இருக்கும். ஆகவே நம் பில் செப்டம்பர் ஃபோல்டருக்குப் போகிறது, போன இடத்திலேயே இருக்கிறது. வரி வரவு எடுத்த மாதத்தை ஃபோல்டருக்கு வெளியே, ஒரு எக்செல் பட்டியலில், தனிப் பத்தியில் எழுதுகிறோம். அந்தப் பத்தியில் “அக்டோபர்” என்று இருக்கும். பில்லைத் தூக்கி அக்டோபருக்கு நகர்த்தவே கூடாது. ஏன்? ஒருமுறை நகர்த்தினால், ஒரு வருடம் கழித்து செப்டம்பர் ஃபோல்டரைப் பார்ப்பவர் ஒரு பில் குறைகிறது என்பார், அக்டோபரைப் பார்ப்பவர் ஒரு பில் தப்பாக இருக்கிறது என்பார். சிலர் இரண்டிலும் ஒரு பிரதி போட்டுவைப்பார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அதே 11,000 ரூபாயை இரண்டு முறை வரவு வைக்கும் வழி அங்கேதான் திறக்கிறது. பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

சரி, தேதி தீர்ந்தது. அடுத்தது பெயர். செல்போனில் எடுத்த படத்தின் பெயர் எப்படி இருக்கும்? `IMG_20241009_183022.jpg` என்று இருக்கும். அதிலும் ஒரு தேதி இருக்கிறது, பார்த்தீர்களா? ஆனால் அது பில் தேதி அல்ல, படம் பிடித்த தேதி. வேலைக்குப் புதிதாக வந்தவர் அந்தப் பெயரை நம்பி அடுக்கினால் செப்டம்பர் கடைசி வாரத்து பில்கள் மொத்தமும் அக்டோபருக்குள் போய் உட்கார்ந்துவிடும். நம் பக்கத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஆகஸ்டில் காய் வரத்து ஏறத் தொடங்கினால் பிறகு மாதக்கணக்கில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நாட்களில் பில்லை உடனுக்குடன் ஸ்கேன் செய்கிற கடை எது? ஆணியில் குத்திவைத்து, இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படம் பிடிப்பார்கள். அத்தனைக்கும் ஒரே தேதி விழும்.

ஆகவே பெயரை மாற்ற வேண்டும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பில் தேதி. அடுத்து விற்றவருக்கு ஒரு சுருக்கக் குறி. அடுத்து பில் எண். கடைசியில் மொத்தத் தொகை. நம் உதாரண பில்லுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்ப்போம். சந்தேகமான பில்களுக்கும் கடைசியில் ஒரு ஃபோல்டர் இருக்கட்டும்.

```
2024-25
  2024-09
    2024-09-30_BD1_A-1187_231000.pdf
  2024-10
  SANDHEGAM
```

வருடத்தை ஏன் முன்னால் வைக்கிறோம்? கணினி எழுத்து வரிசையில் அடுக்கும். April, August, December என்று பெயர் வைத்தால் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்டும், ஆகஸ்டுக்கு அடுத்து டிசம்பரும் வந்து நிற்கும். 2024-04 என்று தொடங்கி 2025-03 என்று முடித்தால் நம் கணக்கு வருடம் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை தானாகவே வரிசையில் நிற்கும். இன்னொன்று. பில் எண்ணில் A/1187 என்று சாய்கோடு இருந்தால் கணினி அதைக் கோப்பின் பெயரில் ஏற்காது. அதற்குப் பதில் சிறு கோடு போட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை முதலிலேயே சொல்லாவிட்டால் ஒருவர் கோடு போடுவார், ஒருவர் இடம் விடுவார், ஒருவர் எண்ணையே விட்டுவிடுவார். பிறகு தேடினால் கிடைக்காது.

இப்போது நம் மலையைப் பார்ப்போம். போடிமெட்டு ஏறி இறங்கினால் மாநிலம் மாறிவிடுகிறது. தோட்டம் பெரும்பாலும் இடுக்கியில், வியாபாரம் போடியில். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கே போடியிலும் நடக்கிறது, அங்கே வண்டன்மேட்டுப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. ஒரே வியாபாரி இரண்டு ஏலத்திலும் காய் எடுக்கிறார். பார்வைக்கு இரண்டு பில்லும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். தமிழ்நாட்டுப் பதிவு உள்ள உங்களுக்கு 33 எண்காரர் இங்கிருந்தே காயைக் கொடுத்தால் வரி இரண்டரை, இரண்டரை என்று மத்திய, மாநிலப் பங்காகப் பிரிந்து நிற்கும். 32 எண்காரர் மலைக்கு அந்தப் பக்கமிருந்து போடிக்கு அனுப்பினால் ஐந்தும் ஒருங்கிணைந்த வரியாக, ஒரே வரியில் நிற்கும். பட்டியலில் இவை வேறு வேறு பத்தி. மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை சரியாக இருக்கும், கணக்கு தப்பாக இருக்கும். கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தப்பு இது.

அதைவிட முக்கியம், வாங்கியவர் என்ற இடத்தில் இருப்பது உங்களுடைய எந்த எண்? உங்களில் சிலருக்குக் கேரளத்திலும் பதிவு இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. பான் ஒன்றுதான், ஜிஎஸ்டி எண் இரண்டு. கேரள எண்ணுக்குப் போட்ட பில்லைத் தமிழ்நாட்டுக் கணக்கில் வரவு எடுக்க முடியாது. ஆகவே இரண்டு பதிவு இருந்தால் வருடத்துக்கு மேலே இரண்டு தாய் ஃபோல்டர் வேண்டும். ஒன்று 33, ஒன்று 32. இதை ஆடிட்டர் ஊகித்துச் செய்யக் கூடாது. கடிதத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தோட்டக்காரரிடம் நேரடியாக வாங்கும் காய்க்கு வருவோம். தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வரி பில் தர மாட்டார். நீங்கள்தான் கொள்முதல் சீட்டு எழுதுகிறீர்கள். பூப்பாறையிலிருந்தோ சாந்தன்பாறையிலிருந்தோ மழையில் ஜீப்பில் இறங்கி வந்த சீட்டு அது. சட்டைப் பையில் மடித்து வைத்து, ஈரமாகி, மை பரவி வந்திருக்கும். அதில் வரி வரவு எதுவும் இல்லை. அதனால் அது முக்கியமில்லை என்று நினைத்து இதர செலவு பில்களோடு போட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். விளைவித்தவரிடமே விளைபொருளை வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு. இடையில் காயை வாங்கி விற்கும் வியாபாரியிடம் வாங்கினால் அந்த விலக்கு கிடையாது. கொடுத்தவர் விளைவித்தவர்தான் என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். பெயர், ஊர், தோட்டம் இருக்கும் இடம், எடை, விலை, கையெழுத்து எல்லாம் படிக்கும்படி இருக்க வேண்டும். ஆகவே மாத ஃபோல்டருக்குள் சீட்டுகளுக்கென்று ஒரு உள் ஃபோல்டர் போடச் சொல்லுங்கள். மூட்டை பிரித்த அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

எடைமேடைச் சீட்டும் பெட்ரோல் பில்லும் வேறு வகைத் தொல்லை. அவை பெரும்பாலும் வெப்பத்தில் எழுத்து எழும் தாளில் வருகின்றன. வெயிலில் கிடந்தாலும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாலும் எழுத்து மங்கி, தாள் வெறுமையாகிவிடும். வருடக் கடைசியில் மொத்தமாக ஸ்கேன் செய்யலாம் என்று வைத்திருந்தால் ஸ்கேன் செய்ய எழுத்தே இருக்காது. மற்ற பில் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. படம் எடுக்கும்போது நாலு மூலையும் தெரிய வேண்டும். ஸ்கேனர் என்றால் 300 டிபிஐ போதும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகிறது, சின்ன எழுத்தில் இருக்கும் ஜிஎஸ்டி எண் கரைந்துவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

இத்தனையும் மனதில் வைத்து அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினால் எப்படி இருக்கும்? நான் எழுதி வந்திருக்கிறேன், படிக்கிறேன்.

“ஆடிட்டர் சார் அவர்களுக்கு வணக்கம். 2024-25 வருடத்து பில்களை ஸ்கேன் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 412 தாள். ஒரு பில்லுக்கு இரண்டு பக்கம் இருந்தால் ஒரே கோப்பாகச் சேர்த்திருக்கிறேன், ஆகவே கோப்பு 396. உங்கள் எண்ணிக்கையும் 396 தானா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். எல்லா பில்லும் என் தமிழ்நாட்டுப் பதிவுக்கு உரியவை. கேரளப் பதிவு எனக்கு இல்லை. பில்லில் உள்ள தேதியை வைத்து மாத ஃபோல்டரில் போடுங்கள். சரக்கு வந்த தேதியையோ படம் எடுத்த தேதியையோ பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் ஏல பில், தோட்டக்காரர் சீட்டு, லாரி வாடகை, மற்ற செலவு, விற்பனை பில் என்று ஐந்து உள் ஃபோல்டர் போதும். மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வருகிறது. அதையும் பில் தேதிப்படியே போடுங்கள், பிரிக்க வேண்டாம். தேதி படிக்க முடியாதவை, தொகை அடித்துத் திருத்தியவை, ஒன்றே இரண்டு முறை வந்ததுபோல் தெரிபவை ஆகியவற்றை ஊகித்துப் போடாமல் சந்தேக ஃபோல்டரில் வையுங்கள். நான் மூலத் தாளைப் பார்த்துச் சொல்கிறேன். எதையும் அழிக்க வேண்டாம். லாரி வாடகைக்கு வரி நான் கட்ட வேண்டியதா என்று தனியே பார்த்துச் சொல்லுங்கள். வரி வரவு எடுக்கும் பில்களுக்கெல்லாம் ஒரு எக்செல் பட்டியல் வேண்டும்: பில் தேதி, எண், விற்றவர், தொகை, மத்திய, மாநில, ஒருங்கிணைந்த வரி தனித்தனியே, சரக்கு வந்த தேதி, 2B-யில் வந்த மாதம், வரவு எடுத்த மாதம், பணம் கொடுத்த தேதி. சரக்கு வந்த தேதிக்கு என் வரவுப் புத்தகத்தின் படமும் வைத்திருக்கிறேன். இனிமேல் ஒவ்வொரு மாதத்து பில்லையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். இப்படிக்கு, தங்கள் அன்புள்ள.”

கடிதம் நீளம்தான். ஆனால் இதைப் பெற்ற ஆடிட்டர் எப்படி அடுக்குவது என்று கேட்க ஒருமுறைகூட உங்களுக்குத் தொலைபேசி செய்ய வேண்டியதில்லை. 5-ஆம் தேதி என்று ஏன் எழுதினேன்? உங்கள் விற்பனைக் கணக்கு 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14-ஆம் தேதி 2B வரும். 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு, GSTR-3B, போக வேண்டும். 14-க்கும் 20-க்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நாட்களில்தான் ஃபோல்டரையும் 2B-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடுக்கும் சிறு வியாபாரிகளும் மாத ஃபோல்டரையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றைச் சேர்த்தால் காலாண்டு வந்துவிடும்.

பணம் கொடுத்த தேதி எதற்கு என்று ஒருவர் என்னைக் கேட்டார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போகாவிட்டால், எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் பணம் அவ்வளவு நாள் நிற்காது என்பது உண்மை. ஆனால் சாக்கு வாங்கிய கடையிலும் பழகிய ஆளிடமும் நிற்கும்.

ஃபோல்டர் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2B-யோடு ஒப்பிடும்போது இரண்டு வகை வித்தியாசம் வரும். பில் ஃபோல்டரில் இருக்கிறது, 2B-யில் இல்லை. விற்றவர் இன்னும் காட்டவில்லை, அல்லது உங்கள் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார். பில்லை எடுத்து எண்ணைப் பாருங்கள். சரியாக இருந்தால் அவரைக் கேளுங்கள். இன்னொரு வகை, 2B-யில் இருக்கிறது, ஃபோல்டரில் இல்லை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, வரவு கூடத்தானே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கக் கூடாது. ஒன்று, உங்கள் பில் எங்கோ தொலைந்திருக்கிறது. அல்லது நீங்கள் வாங்காத சரக்கை யாரோ உங்கள் எண்ணில் எழுதியிருக்கிறார்கள். தாள் கையில் வரும்வரை அந்தத் தொகையைத் தொடாதீர்கள்.

ஸ்கேன் செய்துவிட்டோமே, தாளைப் போட்டுவிடலாமா என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். வேண்டாம். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கும் பில்லும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2024-25-க்கு அந்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதாவது 2031 டிசம்பர் 31 வரை. மாதத்துக்கு ஒரு உறை, ஃபோல்டரில் உள்ள அதே வரிசையில் தாள். கட்டி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். கோப்புகளின் ஒரு பிரதி உங்களிடம், ஒன்று ஆடிட்டரிடம், ஒன்று வேறு இடத்தில்.

கடைசியாக அந்த செப்டம்பர் 30 பில்லுக்கே வருகிறேன். ஏல நிறுவனம் மாதக்கணக்கில் அதைக் காட்டாமலே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் “2B-யில் வந்த மாதம்” என்ற கட்டம் காலியாகவே நிற்கும். அப்படிக் காலியாக நிற்கும் கட்டங்களை மார்ச் முடிந்ததும் தனியே எடுத்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பில் எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும். 2024-25 வருடத்து பில்லுக்கு வரவு எடுக்க 2025 நவம்பர் 30 வரைதான் காலம். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் காட்டினாலும் அந்த 11,000 ரூபாய் உங்களுக்கு வராது. இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பில் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வரலாம்.